வெறும் வயிற்று இன்சுலினும் ஹோமா-ஐஆரும்: வடசென்னைக் கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர், ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ஹோமா-ஐஆர் 3.1 என்று சிவப்பில் போட்டிருக்கிறது. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதா?

வரவில்லை. சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது ரத்தச் சர்க்கரையின் அளவை வைத்துத்தான். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஒன்று வந்தாலும், அறிகுறிகள் தெளிவாக இல்லாதபோது இன்னொரு முறை பார்த்து உறுதி செய்த பிறகுதான் சர்க்கரை நோய் என்று சொல்வோம். ஹோமா-ஐஆர் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

இதைக் கேட்டவர் வியாசர்பாடிக்காரர், வயது 34, மணலியில் கணினி முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. அவருடைய சம்மதத்தோடு, ஆள் யாரென்று தெரியாதபடி, அவருடைய எண்களையே இந்தப் பக்கம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன். அந்த ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 92, எச்பிஏ1சி 5.5. இரண்டும் நார்மல். வெறும் வயிற்று இன்சுலின் 13.6. அதே தாளில் இன்சுலினுக்கு நேராக 2.6 முதல் 24.9 வரை நார்மல் என்று அச்சிட்டிருந்தார்கள். அதாவது இன்சுலினும் நார்மல், சர்க்கரையும் நார்மல், ஆனால் இரண்டையும் பெருக்கி வந்த எண் மட்டும் சிவப்பு. அவர் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை.

இந்த 3.1 எப்படி வந்தது? இதற்கென்று தனியாக ஒரு டெஸ்ட் செய்கிறார்களா?

தனி டெஸ்ட் எதுவும் இல்லை. ஒரே ரத்தத்தில் எடுத்த இரண்டு அளவுகளை வைத்து லேப் கம்ப்யூட்டர் போடும் கணக்குதான்.

```
HOMA-IR = (insulin µU/mL × glucose mg/dL) / 405
(13.6 × 92) / 405 = 3.09
```

1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மேத்யூஸும் அவருடைய குழுவினரும் இதைக் கொண்டுவந்தார்கள். இன்சுலின் 5, சர்க்கரை 81 என்று இருந்தால் விடை சரியாக 1 வரும்படி அந்த 405 அமைக்கப்பட்டிருக்கிறது. ஐந்தையும் எண்பத்தொன்றையும் பெருக்கிப் பாருங்கள், 405.

இதற்குப் பின்னால் இருக்கும் யோசனை எளிமையானது. ராத்திரி முழுக்க நாம் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கல்லீரல். அதிகமாகக் கொட்டிவிடாமல் அதைப் பிடித்து வைத்திருப்பது இன்சுலின். கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்கவில்லை என்றால், இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு, இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்கிறோம், கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினைச் சுரந்து அதை அடக்கப் பார்க்கும். அப்போது சர்க்கரை நார்மலாகவே தெரியும், இன்சுலின் மட்டும் ஏறியிருக்கும். பெருக்குத்தொகையும் ஏறும்.

இதிலேயே ஒரு வரம்பும் இருக்கிறது. இது முக்கியமாகக் கல்லீரலின் கதையைச் சொல்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. தசை எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதை வெறும் வயிற்று ரத்தம் நேராகக் காட்டாது. வியாசர்பாடிக்காரரின் விஷயத்தில் இது பின்னால் பெரிய விஷயமாக வந்தது.

பதினைந்து நாள் கழித்து வேறு லேபில் எடுத்தேன், 2.1 என்று வந்தது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். அந்த இரண்டாவது ரிப்போர்ட்டில் சர்க்கரை 94, இன்சுலின் 8.9. கணக்குப் போட்டால் 2.07. சர்க்கரை இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க இன்சுலினிலிருந்து வந்தது. ஹோமா-ஐஆர் ஆடுகிறது என்றால் பெரும்பாலும் ஆடுவது இன்சுலின்தான். அதற்கான காரணங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கணையம் இன்சுலினைச் சீராகச் சொட்டுவதில்லை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலை அலையாக விடுகிறது. ரத்தத்தில் விழுந்த இன்சுலின் சுமார் ஐந்து நிமிடத்தில் பாதியாகிவிடும். காசிமேட்டுக் கரையில் நின்று அலை வந்த நேரத்தில் ஒருவரும் அலை வடிந்த நேரத்தில் ஒருவரும் தண்ணீர் மட்டத்தை அளந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும். அதனால்தான் ஆய்வுகளில் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை ரத்தம் எடுத்துச் சராசரி பார்க்கும் வழக்கம் உண்டு. நம் ஊர் லேபில் ஒரு குத்து, ஒரு டியூப், அவ்வளவுதான்.

இரண்டாவது, இயந்திரம். சர்க்கரை அளவை எந்த நல்ல லேபில் எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். இன்சுலின் அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனியின் கிட்டும் ஒரே ரத்தத்துக்கு வேறு வேறு எண் கொடுக்கும், சில சமயம் வித்தியாசம் பெரிதாகவே இருக்கும். எல்லாக் கிட்டுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் முயற்சி பல வருடமாக நடக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை. ஆகவே ஒரு லேபின் 13.6-ஐயும் இன்னொரு லேபின் 8.9-ஐயும் பக்கத்தில் வைத்து "குறைந்திருக்கிறது" என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, ரத்தம் எடுத்ததற்கும் இயந்திரத்தில் வைத்ததற்கும் நடுவில் நடப்பது. சிவப்பணுக்களுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. ஊசி குத்தும்போது ரத்தம் நுரைத்து அணுக்கள் உடைந்தால் அந்த நொதி வெளியே வந்து இன்சுலினைத் தின்றுவிடும், எண் பொய்யாகக் குறையும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறவரின் பைக் பெட்டியில், மே மாத வெயிலில், பிரிக்காத டியூப் மூன்று வீடு சுற்றிவிட்டுப் போனால் அதுவும் எண்ணைக் கெடுக்கும். ரிப்போர்ட்டின் அடியில் "ஹீமோலைஸ்டு சாம்பிள்", அதாவது அணுக்கள் உடைந்த ரத்தம், என்று ஒரு வரி இருந்தால் அந்த இன்சுலின் எண்ணை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். சில வகைக் கிட்டுகளில் ரத்தத்தில் இருக்கும் பயோட்டின் இன்சுலின் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்திவிட்டு, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் எத்தனைக்கு மேல் போனால் அதிகம்?

உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கோடு என்று ஒன்று இல்லை. பல இடங்களில் 2.5 என்று வைத்துக்கொள்கிறார்கள், சிலர் 2 என்கிறார்கள், சிலர் 3 என்கிறார்கள். ஒவ்வொரு கோடும் ஏதோ ஒரு ஊர் மக்களிடம், ஏதோ ஒரு கிட்டை வைத்து எடுத்த எண்களிலிருந்து வந்தது. வேறு கிட்டில் அதே மனிதர்களை அளந்தால் கோடும் நகர்ந்துவிடும்.

என் கணிப்பைச் சொல்கிறேன். 1 பக்கத்தில் இருந்தால் இன்சுலின் எதிர்ப்பு பெரிதாக இருக்க வாய்ப்புக் குறைவு. 5-ஐத் தாண்டி இருந்தால், வெறும் வயிறு ஒழுங்காக இருந்த பட்சத்தில், எதிர்ப்பு இருக்கிறது என்று நம்பலாம். நடுவில் இருக்கும் 1.8, 2.4, 3.1 எல்லாம் தனியாக நின்று ஒன்றும் சொல்லாது. துரதிர்ஷ்டவசமாக, ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள்.

சரி, ஹோமாவை நம்பக் கூடாது என்றால் எனக்கு இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் உடம்பிலேயே ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அந்த வியாசர்பாடிக்காரரிடம் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் இடுப்பளவு எடுத்தேன். டேப்பைத் தொப்புளுக்குக் கிட்டே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளந்ததில் 97 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது எல்லை. பேன்ட் சைஸ் 34 என்றுதான் அவர் சொன்னார். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது, அதனால் அந்த எண்ணை நம்ப முடியாது. எடை 78 கிலோ, உயரம் 168 செ.மீ. கழுத்தின் பின்பக்கம் லேசான கருமை, தொட்டால் வெல்வெட் மாதிரி. அழுக்கு என்று நினைத்து அவர் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது தேய்த்தால் போகிற அழுக்கு இல்லை, ரத்தத்தில் இன்சுலின் அதிகமாகச் சுற்றும்போது தோல் காட்டும் அடையாளம்.

அப்புறம் அவர் கையில் வைத்திருந்த அதே ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். ரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு 188, நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல் 36. இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறவர்களிடம் கல்லீரல் கொழுப்பை அதிகமாகக் கட்டி அனுப்பும். அதனால் டிரைகிளிசரைடு 150-ஐத் தாண்டும், அதோடு சேர்ந்து எச்டிஎல் இறங்கும். இந்த ஜோடியும் இடுப்பளவும் ஒன்றாக இருந்தால் இன்சுலினை அளக்காமலேயே எனக்கு விடை தெரிந்துவிடுகிறது. அவருடைய ஹோமா 3.1 ஆக இருந்தாலும் 2.1 ஆக இருந்தாலும் என் முடிவு மாறியிருக்காது. அந்த டெஸ்ட் அவருக்குத் தேவைப்படவில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தேவைப்பட்ட டெஸ்ட் ஒன்று இருந்தது, அது அந்தப் பேக்கேஜில் இல்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பது. தசையின் பங்கை வெறும் வயிற்று ரத்தம் காட்டாது என்றேன் இல்லையா, அதை இது காட்டும். அதற்கு முந்தைய மூன்று நாள் வழக்கம்போலச் சோறு, இட்லி எல்லாம் சாப்பிடச் சொன்னேன். பயந்து சோற்றை நிறுத்திவிட்டு வந்தால் குளுக்கோஸைச் சமாளிக்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்து எண் பொய்யாக ஏறும். குடித்த பிறகு இரண்டு மணி நேரம் லேபிலேயே உட்கார வேண்டும், தெருமுனை வரை போய் சிகரெட் பிடித்துவிட்டு வரக் கூடாது. அவருக்கு வந்தது 146. 140-க்குக் கீழே நார்மல், 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. வெறும் வயிறு 92-ம் எச்பிஏ1சி 5.5-ம் சொல்லாததை இந்த ஒரு எண் சொன்னது.

இந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு நம் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. ராயபுரம் நீரிழிவு ஆய்வு மையத்தின் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டு மணி நேரச் சர்க்கரையை வைத்து. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்துக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, சாப்பாட்டில் சீனி, மைதா, எண்ணெயைக் குறைத்தவர்களில் அது 39 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. எந்த எண் உள்ளவருக்கு என்ன செய்தால் என்ன ஆகும் என்று நம் மக்களிடமே பார்த்த ஆய்வு இது. ஹோமா 3.1-க்கு இப்படி ஒரு விடை யாரிடமும் இல்லை.

அவர் அதைத்தான் செய்தார். சாயங்காலம் வேலை முடிந்து வீடு திரும்பும்போது இரண்டு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி நடந்தார், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை ஒரு தட்டோடு நிறுத்தினார், டீயில் சீனியை விட்டார். ஆறு மாதத்தில் இடுப்பு 92, டிரைகிளிசரைடு 141, இரண்டு மணி நேரச் சர்க்கரை 124. இன்சுலினைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை.

எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. முன்னால் ஹோமா 4.9 இருந்தது, இப்போது 2.7 தான். நல்ல முன்னேற்றம்தானே?

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை வருகிறது. எண்களைப் பிரித்துப் பாருங்கள். முதல் தடவை இன்சுலின் 18, சர்க்கரை 110. இப்போது இன்சுலின் 6, சர்க்கரை 180.

```
(18 × 110) / 405 = 4.89
( 6 × 180) / 405 = 2.67
```

சர்க்கரை எழுபது புள்ளி ஏறியிருக்கிறது, ஹோமா கிட்டத்தட்ட பாதியாகியிருக்கிறது. நடந்தது என்னவென்றால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் களைத்துவிட்டன. எதிர்ப்பை மீறி இன்சுலினைக் கொட்டிக்கொண்டிருந்தவை இப்போது கொட்ட முடியாமல் இருக்கின்றன. பெருக்குத்தொகையில் ஒரு பக்கம் சரிந்ததால் எண் சிறிதாகிவிட்டது. நோய் முற்றியிருக்கிறது, ரிப்போர்ட் நல்ல சேதி சொல்கிறது.

அதே இரண்டு அளவுகளை வைத்துக் கணையத்தின் உழைப்பைக் கணக்கிடும் இன்னொரு சூத்திரமும் அதே 1985 குழுவினுடையதுதான்.

```
HOMA-B = (360 × insulin) / (glucose − 63)
(360 × 18) / (110 − 63) = 138
(360 ×  6) / (180 − 63) = 18
```

100-ஐ நார்மல் என்று வைத்துக்கொண்டால், 138-லிருந்து 18-க்கு விழுந்திருக்கிறது. இப்படி இருக்கும்போது மருந்தை மாற்ற வேண்டியிருக்கும், இன்சுலின் ஊசியும் தேவைப்படலாம். ஹோமா குறைந்துவிட்டது என்ற தைரியத்தில் யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை நோய் உறுதியானவர்களுக்கு நான் ஹோமா-ஐஆர் கேட்பதே இல்லை. கணையத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் கணையம் இன்சுலினோடு சேர்த்துச் சுரக்கும், ஊசி இன்சுலினில் இல்லாத சி-பெப்டைடு என்ற பொருளைப் பார்க்கிறேன்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இந்த டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். கிட் அளப்பது உங்கள் கணையம் சுரந்ததையா, நீங்கள் போட்ட ஊசியையா என்று பிரிக்க முடியாது. சில வகை ஊசி இன்சுலினைக் கிட் பார்க்கும், சிலவற்றைப் பார்க்காது. வருகிற எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் இருக்கிறது, வயது 26. இன்சுலின் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வா என்றார்கள். அவசியமா?

அவசியம் இல்லை, அம்மா. பிசிஓஎஸ் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு, ஒல்லியாக இருக்கிறவர்களில் பலருக்கும்கூட, இன்சுலின் எதிர்ப்பு இருக்கும் என்று ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைத் திரும்ப அளந்து சிகிச்சையில் ஒன்றும் மாறப்போவதில்லை. 2023-ல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி நெறியும், லேபில் கிடைக்கும் இன்சுலின் அளவை வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. உங்களுக்குப் பார்க்க வேண்டியது மேலே சொன்ன 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட், ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் குளுக்கோஸ் டெஸ்டைக் கட்டாயம் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதும் மாதவிலக்கு, எடை, சர்க்கரை இவற்றை வைத்து எடுக்கிற முடிவு. இன்சுலின் நார்மல் என்று வந்துவிட்டால் உங்களுக்கு மெட்ஃபார்மின் வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் மகளுக்கு 13 வயது, கழுத்தெல்லாம் கருப்பாக இருக்கிறது. அவளுக்காவது இன்சுலின் பார்க்கலாம் இல்லையா?

அந்த வயதில் இந்த எண் இன்னும் ஏமாற்றும். பருவமடையும் காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இன்சுலின் எதிர்ப்பு இயற்கையாகவே கூடும், வளர்ந்து முடிந்ததும் தானாக இறங்கும். ஆரோக்கியமான பிள்ளைக்கும் அப்போது ஹோமா பெரியவர்கள் எல்லையைத் தாண்டிப் போகும். உடல் பருமன் உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலினை அளக்க வேண்டாம் என்று 2017-ல் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

கழுத்துக் கருமையைப் பார்த்த உங்கள் கண்ணே போதுமான டெஸ்ட். எடையும் அதிகமாக இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு, கல்லீரல் என்சைம் ஏஎல்டி, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். பிள்ளை முன்னால் கழுத்தைக் காட்டித் திட்டாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். ஆனால் ஒன்று. பிள்ளை ஒல்லியாக இருந்து, கருமை கழுத்து, அக்குள், முட்டி என்று தடிமனாகப் பரவியிருந்தால் அது வேறு கதை. அடுத்த பதிலில் அதைச் சொல்கிறேன்.

அப்படியென்றால் வெறும் வயிற்று இன்சுலின் யாருக்குமே பயன்படாதா?

பயன்படும். சில இடங்களில் அது இல்லாமல் முடியவே முடியாது. அவற்றில் முதலாவதில் "வெறும் வயிறு" என்பதைவிட "அந்த நேரம்" என்பதுதான் முக்கியம்.

சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கு அடிக்கடி வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, ஆள் குழம்பிப் போய், ஏதாவது இனிப்பு கொடுத்ததும் தெளிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 55-க்குக் கீழே இருந்தால், அதே டியூபில் இன்சுலினையும் சி-பெப்டைடையும் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை அவ்வளவு இறங்கும்போது ஆரோக்கியமான கணையம் கடையை மூடிவிட வேண்டும், இன்சுலின் 3-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்போது இன்சுலின் 6 என்று வந்தால், லேப் தாளில் அது நார்மல் என்றே அச்சாகியிருக்கும். ஆனால் அது நார்மல் இல்லை. சி-பெப்டைடும் 0.6 நானோகிராமுக்கு மேல் இருந்தால் உடம்பே அதைச் சுரக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் சிறு கட்டியோ, வீட்டில் யாருடையதோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை மாறிப்போனதோ காரணமாக இருக்கலாம். இன்சுலின் உயர்ந்து சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால் வெளியிலிருந்து ஊசி போயிருக்கிறது. மயக்கம் தெளிந்த பிறகு, மறுநாள் காலையில் சாவகாசமாகப் போய் எடுத்த இன்சுலினால் இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, கண்காணிப்பில் 72 மணி நேரம் வரை பட்டினி போட்டுப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, மிகக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு என்ற சந்தேகம். ஆள் ஒல்லி, ஆனால் கருமை தடித்துப் பரவியிருக்கிறது. அல்லது கை கால்களில் கொழுப்பே இல்லாமல் தசையும் நரம்பும் புடைத்துத் தெரிகின்றன, டிரைகிளிசரைடு ஆயிரத்தைத் தொடுகிறது. இவை அரிதான மரபுக் கோளாறுகளாகவோ கொழுப்புத் திசு அழியும் நோயாகவோ இருக்கலாம். இவர்களுடைய வெறும் வயிற்று இன்சுலின் நார்மலைப் போல் பல மடங்கு இருக்கும். கிட் கொஞ்சம் முன்னே பின்னே அளந்தாலும் தப்பாமல் தெரிகிற அளவுக்குப் பெரிய எண்.

மூன்றாவது சின்ன இடம். ஒல்லியான ஒருவருக்கு ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் தெரிகிறது, மது அருந்துவதில்லை, சர்க்கரை, டிரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் எல்லாம் எல்லையில் நிற்கின்றன. கொழுப்புக் கல்லீரல் நோய்க்கு 2020-ல் வந்த வரையறை ஹோமா-ஐஆர் 2.5-ஐயும் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டது. 2023-ல் வந்த புதிய வரையறையின் ஐந்து அளவுகோல்களில் அது இல்லை. இப்படிப்பட்டவரிடம் நான் சில சமயம் கேட்டுப் பார்ப்பதுண்டு, ஒரு துணைச் சான்றாக மட்டும்.

ஆயிரக்கணக்கானவர்களை ஒரே லேபில் அளந்து ஒப்பிடும் ஆய்வுகளில் ஹோமா நன்றாகவே வேலை செய்கிறது. கூட்டத்தின் சராசரியில் அலைகள் அடங்கிவிடும். ஒற்றை ஆளின் ஒற்றை டியூபுக்கு அந்த வசதி இல்லை.

நடக்க ஆரம்பித்திருக்கிறேன். பலன் தெரிய மாதாமாதம் ஹோமா பார்க்கலாமா?

அந்தப் பணத்தில் ஒரு அளவு நாடா வாங்குங்கள். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரைகிளிசரைடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ சர்க்கரை, அது போதும். எப்படியும் பார்த்தே தீருவேன் என்றால் ஒரே லேப், ஒரே நேரம், எண் பாதியாகக் குறைந்தால் மட்டும் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் இன்சுலின் 82 என்று இருக்கிறது! பயமாக இருக்கிறது.

பக்கத்தில் என்ன அலகு என்று பாருங்கள். `pmol/L` என்று இருந்தால் ஆறால் வகுக்க வேண்டும். 82 என்பது 13.7 ஆகிவிடும். மேலே இருக்கும் சூத்திரத்தில் போட வேண்டியது `µU/mL` அலகில் இருக்கும் எண். இதை மாற்றாமல் கணக்குப் போட்டு ஹோமா 18 என்று பயந்து வந்தவர்கள் உண்டு.

துறைமுகத்தில் நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அப்படியே லேபுக்குப் போய்க் கொடுக்கலாமா? ராத்திரி ஒரு டீ மட்டும்தான்.

வேண்டாம். பால் டீயும் சாப்பாடுதான், அதில் சீனியும் பாலும் இருக்கின்றன. இரண்டுமே இன்சுலினைக் கிளப்பும். சர்க்கரை அதற்குள் இறங்கியிருந்தாலும் இன்சுலின் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு மேல், ராத்திரி தூங்காமல் இருந்தாலே இன்சுலின் எதிர்ப்பு தற்காலிகமாகக் கூடும். காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, ஆஸ்துமாவுக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

வார விடுமுறையில் இரண்டு ராத்திரி வீட்டில் தூங்கிய பிறகு, முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குள் வழக்கமான சாப்பாட்டை முடித்துவிட்டு, வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக் காலை எட்டு மணிக்குள் லேபுக்குப் போங்கள். வீட்டுக்கு ஆள் வரவழைப்பதைவிட, ரத்தத்தை அங்கேயே பிரிக்கும் வசதி உள்ள லேபுக்கு நேரில் போவது நல்லது. போகிறதுதான் போகிறீர்கள், இன்சுலினுக்குப் பதிலாக அந்த 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்டைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், ஒரு பேப்பர் எடுத்துக்கொண்டு போங்கள்.